பிறந்தநாள் மாங்கன்றுக்குப் பெயர் வைக்கும்போது

கன்றுக்குக் குழந்தையின் பெயரையே வைக்காதீர்கள். முதல் ஆண்டில் கன்று பட்டுப்போனால் அந்தப் பெயரே குழந்தையின் மனதை உறுத்தும். குழந்தையே தேர்ந்தெடுக்கும் செல்லப்பெயர் போதும்.

சடங்கு எளிமையானது. பெரியவர்கள் கன்றை நட்டு மண்ணை அணைத்ததும், குழந்தை பெயரை மூன்று முறை சொல்லி ஒரு செம்பு நீர் ஊற்றட்டும். பிறகு நீங்கள் ஒரு வாளி ஊற்றுங்கள். செம்பு நீர் வேர்வரை இறங்காது. பிறந்தநாள் கடுங்கோடையில் வந்தால் பெயரை அன்றே வைத்துவிட்டு, மழை தொடங்கும்வரை கன்றைத் தொட்டியிலேயே வைத்திருங்கள்.

பெயர்ப்பலகையில்தான் பலர் தவறுகிறார்கள். தண்டில் கம்பி கட்டினால், தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். கட்டுக்கு மேலே தண்டு வீங்கியிருந்தால் அதுதான் அறிகுறி. உடனே கம்பியை வெட்டி எடுங்கள். பலகையை அருகில் ஊன்றிய குச்சியில் மாட்டுவதே நல்லது. மை வெயிலில் வெளுத்துவிடும் என்பதால், மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் அழுத்தி எழுதுங்கள்.

ஒட்டுக்கன்றானால் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் அடிக்கன்று ஓங்கி, பெயர் வைத்த ரகம் நலிந்துவிடும்.

கன்றின் சத்து வளர்ச்சிக்கே போக, முதல் மூன்று ஆண்டுகள் பூங்கொத்துகளையும் கிள்ள வேண்டும். குழந்தை அழும், காரணத்தை முன்பே சொல்லிவையுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிறந்தநாளிலும் குழந்தை, கன்று இருவரின் உயரத்தையும் அளந்து தகட்டின் பின்புறம் பொறிக்கலாம்.