சாட் பதிவைக் கேட்கும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுரை வேலை கொடுக்கும் ஆசிரியர்கள் பலர் இப்போது ஒரு வரியைச் சேர்க்கிறார்கள்: "சாட்ஜிபிடி பயன்படுத்தியிருந்தால் அந்த உரையாடலையும் சேர்த்து அனுப்பவும்." கேட்பதில் தப்பே இல்லை. ஒரு எழுத்தைப் பார்த்து அது மனிதர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் மென்பொருள்களை நம்ப முடியவில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட அப்படியொரு கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. முடிந்த கட்டுரையை மட்டும் பார்க்காமல் அது உருவான வழியையும் பார்ப்போம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் பதிவு வந்து சேர்ந்த பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, வந்த பதிவு முழுமையானது என்று நினைத்துக்கொள்வது. சாட்ஜிபிடியில் ஒரு கேள்வியைத் திருத்தி மறுபடி அனுப்பினால், உரையாடல் அந்த இடத்தில் கிளை பிரிகிறது. திரையில் தெரிவது கடைசிக் கிளை மட்டுமே. பழைய கேள்வியும் பதிலும் ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் போய்விடும். "கட்டுரை முழுவதையும் எழுதித் தா" என்று முதலில் கேட்ட மாணவர், அந்தக் கேள்வியையே "இந்தத் தலைப்பில் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?" என்று திருத்திவிட்டால், நகலெடுத்து ஒட்டிய பதிவில் முதல் கேள்வியின் சுவடே இருக்காது. தற்காலிக உரையாடல் என்ற வசதியில் பேசினால் வரலாற்றுப் பட்டியலிலேயே அது வராது. இன்னொரு கணக்கில் பேசியதும் உங்களுக்கு வரப்போவதில்லை. வேர்ட் கோப்பில் ஒட்டிய உரையாடலை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். திரைப்பிடிப்பும் அப்படித்தான், பக்கத்தில் உள்ள எழுத்தை உலாவியிலேயே மாற்றிவிட்டுப் படம் எடுத்துவிடலாம். ஆக, பதிவு என்பது மாணவர் உங்களுக்குக் காட்ட விரும்பிய பகுதி. அந்த அளவுக்கு அது பயன்படும், அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றக் கூடாது.

இதைச் சரிக்கட்டப் போய் அடுத்த தவறைச் செய்கிறோம்: அதிகமாகக் கேட்பது. தரவு ஏற்றுமதி செய்தால் `conversations.json` என்ற கோப்பு கிடைக்கும், அதில் ஒவ்வொரு செய்திக்கும் `create_time` என்ற நேரக்குறிப்பும் கிளைகளும் இருக்கும், அதையே கேட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கோப்பில் உங்கள் பாடம் மட்டும் இருக்காது. அந்த மாணவர் தன் உடல்நலம் பற்றி, வீட்டுச் சண்டை பற்றி, காதல் பற்றிக் கேட்டதெல்லாம் சேர்ந்தே வரும். ஒரு கட்டுரைக்கு மதிப்பெண் போட அதைப் பார்க்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது.

பகிர்வு இணைப்பு கேட்பதிலும் கவனம் வேண்டும். இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் படிக்கலாம். தேடுபொறிகள் கண்டுபிடிக்கட்டும் என்று டிக் செய்யும் வசதி கொஞ்ச காலம் இருந்தது. பகிரப்பட்ட உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்துவிட்டதால் 2025-இல் ஓப்பன்ஏஐ அதை நீக்கியது. அந்தப் பாடத்துக்கென்று புதிதாக ஓர் உரையாடல் தொடங்கி, அதில் வேறு எதையும் பேசாமல், முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்வதே போதும்.

மூன்றாவது தவறுதான் பெரியது. பதிவின் நீளத்தை உழைப்பாக எண்ணுவது. ஒரு உதாரணத்தை விரிவாகவே பார்ப்போம்.

கல்லூரி முதலாண்டு வகுப்புக்கு, 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் பங்கு பற்றி ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவரின் பதிவு பதினைந்து பக்கம். "எழுதித் தா", "இன்னும் எளிமையாக", "முன்னுரையை மாற்று", "முடிவுரையில் உணர்ச்சி வேண்டும்" என்று போகிறது. பார்க்கப் பெரிய வேலை போலத் தெரியும். ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை ஏரியைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, எல்லாம் நடையைப் பற்றிய உத்தரவுகள்.

இன்னொரு மாணவியின் பதிவு இரண்டே பக்கம். அதில் ஓர் இடம். "டிசம்பர் தொடக்கத்தில் ஏரியிலிருந்து 29,000 மில்லியன் கன அடி நீர் திறக்கப்பட்டது" என்று பதில் வந்திருக்கிறது. மாணவி கேட்கிறார்: "ஏரியின் முழுக் கொள்ளளவே 3,645 மில்லியன் கன அடிதானே, அதைப் போல எட்டு மடங்கு எப்படி வெளியேறும்?" பிறகு செய்தித்தாள்களைத் தேடிப் பார்த்து, 29,000 என்பது வினாடிக்கு இத்தனை கன அடி என்ற வேகக் கணக்கு, மொத்த அளவு அல்ல என்று கண்டுபிடிக்கிறார். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்திருந்தால் ஏறக்குறைய 2,500 மில்லியன் கன அடி போயிருக்கும் என்று தானே பெருக்கியும் பார்க்கிறார். கட்டுரையின் இரண்டாம் பத்தியில் அந்த வாக்கியம் அலகோடு சரியாக இருக்கிறது. நீங்கள் தேடிய ஆதாரம் இதுதான்: பதிவில் ஒரு சந்தேகம், வெளியே ஒரு தேடல், கட்டுரையில் மாறிய ஒரு வாக்கியம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

அதனால் முழுப் பதிவையும் வாங்கி அறுபது பேருடையதையும் படிக்க முயலாமல், மாணவரையே மூன்று இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். வந்த பதிலை ஏற்றுக்கொண்ட ஓரிடம், மறுத்த ஓரிடம், வேறு மூலத்தில் சரிபார்த்த ஓரிடம். ஒவ்வொன்றுக்கும் கீழே, ஏன் அப்படிச் செய்தார், கட்டுரையில் எந்த வாக்கியம் அதனால் மாறியது என்று இரண்டு வரி. அப்புறம் மூன்று நிமிடம் நேரில் பேசினால் போதும். "வினாடிக்குக் கன அடி என்றால் என்ன, கொள்ளளவு என்றால் என்ன?" என்று கேட்டால் அந்த மாணவி தயங்காமல் சொல்லிவிடுவார். மூன்று இடங்களையும் இட்டுக்கட்டியவர் இந்த இடத்தில் தடுமாறுவார். பேச்சில் பயந்து போகும் மாணவர்களும் உண்டு என்பதால், அவர்கள் எழுதியும் பதில் சொல்லலாம் என்று விடுங்கள்.

பதிவுக்கே மதிப்பெண் என்று அறிவிப்பதும் கெடுதல்தான். பத்து மதிப்பெண் என்றவுடன், ஆசிரியருக்குப் பிடிக்கும்படி ஓர் உரையாடலை நடித்துக் காட்டுவார்கள். வேலை ஓரிடத்தில் நடக்கும், பதிவு இன்னோரிடத்தில் தயாராகும். அந்த மூன்று குறிப்புகளுக்கும் கட்டுரைக்கும் உள்ள தொடர்புக்கு மதிப்பெண் கொடுங்கள்.

கடைசியாக, பதிவே இல்லாத மாணவரை மறந்துவிடுவது. எந்தக் கருவியும் தொடாமல் நோட்டில் எழுதிய பெண்ணிடம் "உன் பதிவு எங்கே?" என்று கேட்டால், நேர்மையாக இருந்தவரே சந்தேகத்துக்கு ஆளாகிறார். கிறுக்கிய தாள்களின் படமோ, கூகுள் டாக்ஸில் Version history என்ற இடத்தில் தெரியும் பழைய வடிவங்களோ அதே அளவுக்குச் செல்லும் என்று வேலை கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். சமர்ப்பித்த பிறகு கேட்டால் பலரிடம் அவை அழிந்து போயிருக்கும். பதிவைக் கொடுத்தவர் மீது அதை வைத்தே பின்னர் குற்றம் சாட்ட மாட்டோம் என்பதையும் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். எந்த உதவி அனுமதி, எது இல்லை என்ற பட்டியல் முன்கூட்டியே இல்லாவிட்டால், உண்மையைக் காட்டியவர் மட்டும் மாட்டிக்கொள்வார். அடுத்த முறை அந்த வகுப்பில் யாரும் உண்மையான பதிவைத் தர மாட்டார்கள்.