சலூன் போனை வீட்டிலிருந்து எடுப்பது எப்படி: டைவர்ட் கோடும் இரண்டு காலண்டரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் என் நாத்தனார் சலூன் வைத்திருக்கிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு நாற்காலி, அவரும் ஓர் உதவிப் பெண்ணும். கையுறை முழுக்கச் சாயம் இருக்கும்போது போன் அடித்தால் அவரால் எடுக்க முடியாது, திரும்ப அழைப்பதற்குள் அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருப்பார். அதனால் போனையும் புக்கிங்கையும் வீட்டிலிருந்து நான் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது ஓவர்போர்ட்டில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கும் இதே வேலையைச் செய்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுகிற இடம் இரண்டுதான்: அழைப்பு உங்களிடம் வந்து சேர்வது, கலர் வேலைக்கு நேரம் ஒதுக்குவது. அவற்றைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தனி சிம்

சொந்த எண்ணில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கடை எண்ணுக்கு வந்து, உங்கள் எண்ணுக்கு டைவர்ட் ஆகி வரும் அழைப்பில் பொதுவாக அழைப்பவரின் எண்தான் திரையில் தெரியும், எந்தக் கடைக்கு அடித்தார் என்று தெரியாது. இரண்டாவது வாடிக்கையாக கிளினிக் சேர்ந்ததும், முதுகு வலியோடு அழைத்த ஒருவருக்கு சலூன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டேன். அவர் தப்பான எண் என்று வைத்துவிட்டார். அன்றே இரட்டை சிம் போன் வாங்கினேன். சிம் ஒன்று சலூன், சிம் இரண்டு கிளினிக், இரண்டுக்கும் வேறு வேறு ரிங்டோன். மூன்றாவது கடை வந்தால் பழைய போன் ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். இணைய வழி எண்களும் உண்டு. ஆனால் நெட் தடுமாறினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும், அதனால் நான் சிம் பக்கம்தான்.

டைவர்ட் போடுவது

கீழே உள்ள டைவர்ட் கோடுகளைக் கடைக்காரரின் போனில், எண்ணை அடிப்பதுபோல அடிக்க வேண்டும், உங்கள் போனில் அல்ல. உங்கள் எண்ணை +27 போட்டே எழுதுங்கள்.

நான் முதலில் போட்டது இது ஒன்றை மட்டும்:

```
**61*+27XXXXXXXXX**15#
```

பதினைந்து விநாடி அடித்தும் எடுக்காவிட்டால் என்னிடம் அனுப்பு என்று அர்த்தம். கடைசி எண்தான் விநாடி. 5 முதல் 30 வரை, ஐந்து ஐந்தாக வைக்கலாம். 15 எனக்குச் சரியாக இருக்கிறது. 30 வைத்தால் அழைப்பவர் பொறுமை இழந்து வைத்துவிடுகிறார்.

பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பள்ளி கடைசி வகுப்புப் பிள்ளைகளின் மேட்ரிக் டான்ஸ் சீசனில் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணியிலிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. இன்று கூட்டம் இல்லை போல என்று உட்கார்ந்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு அக்கா பேசினார்: “ஏம்மா, என் போன் சார்ஜ் போயிடுச்சு, இப்பத்தான் போட்டேன். வாய்ஸ்மெயில்ல பதினோரு பேர் இருக்காங்களே!” பதினோரு பேர். எல்லாம் அந்த மாலைக்குத் தலை அலங்காரம் கேட்ட பிள்ளைகள்.

காரணம் புரிய எனக்கு ஒரு நாள் ஆனது. 61 என்பது “அடிக்கிறது, எடுக்கவில்லை” என்ற நிலைக்கு மட்டும். போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ அது 62. வேறு அழைப்பில் பேசிக்கொண்டிருந்தால் 67. வாய்ஸ்மெயிலும் உள்ளுக்குள் ஒரு டைவர்ட்தான், மூன்று நிலைக்கும் நெட்வொர்க் முன்கூட்டியே போட்டு வைத்திருப்பது. நான் ஒன்றை மட்டும் மாற்றினேன், மற்ற இரண்டும் வாய்ஸ்மெயிலுக்கே போய்க்கொண்டிருந்தன.

அதனால் முதலில் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள், பிறகு விநாடியைச் சரிசெய்யுங்கள்:

```
**004*+27XXXXXXXXX#
**61*+27XXXXXXXXX**15#
```

போட்டதும் சரிபார்க்க:

```
*#61#
*#62#
*#67#
```

மூன்றிலும் உங்கள் எண் தெரிய வேண்டும். ஒன்றில் தெரியாத எண் வந்தால் அது பெரும்பாலும் வாய்ஸ்மெயில் எண், அதை மட்டும் `**62*+27XXXXXXXXX#` அல்லது `**67*+27XXXXXXXXX#` போட்டு மாற்றுங்கள்.

திரையில் தெரிந்ததை மட்டும் நம்பாமல் மூன்று முறை அழைத்தும் பாருங்கள். முதல் முறை, கடை போனை அடிக்க விடுங்கள். இரண்டாவது, அதை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு அழையுங்கள். மூன்றாவது, கடைக்காரர் வேறொருவரிடம் பேசும்போது அழையுங்கள். அந்த மூன்றாவதில் உடனே வராமல் பதினைந்து விநாடி கழித்து உங்களிடம் வந்தால் பயப்பட வேண்டாம். கடை போனில் கால் வெயிட்டிங் இருந்தால் அதை ‘பிஸி’யாகக் கணக்கில் எடுக்காது, 61 வழியாகத்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வேலை சிம்மிலும் வாய்ஸ்மெயில் இருக்கும். நீங்கள் ஒருவரோடு பேசும்போது இரண்டாமவர் அழைத்தால் உங்கள் வாய்ஸ்மெயில்தான் எடுக்கும். வேலை சிம்மில் `##002#` அடித்து எல்லா டைவர்ட்டையும் எடுத்துவிட்டு கால் வெயிட்டிங்கைப் போடுங்கள். வாய்ஸ்மெயில் இன்னும் எடுக்கிறதென்றால் நெட்வொர்க்கிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். தவறிய அழைப்பு எண்ணோடு திரையில் நிற்பது நல்லது, உடனே திரும்ப அழைத்துவிடலாம்.

டைவர்ட் ஆகும் அழைப்புக்கான காசு கடைக்காரர் கணக்கில்தான் போகும். இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவருடையது பிரீபெய்ட் என்றால் ஏர்டைம் தீர்ந்ததும் டைவர்ட் நின்றுவிடும். வாட்ஸ்அப் அழைப்புகள் எதுவும் இந்த வழியில் வராது.

கலர் வேலைக்கு நேரம் ஒதுக்குவது

ஹேர்கட், த்ரெடிங் எல்லாம் எளிது. நேரம் கேட்டு எழுதிவிடலாம். கலர்தான் சிக்கல், ஏனென்றால் வாடிக்கையாளர் நாற்காலியில் இருக்கும் நேரமும் அக்காவின் கை வேலை செய்யும் நேரமும் ஒன்றல்ல. எங்கள் கடையில் வேர்ப் பகுதிக்குக் கலர் என்றால் பூச 30 நிமிடம், ஊற 35 நிமிடம், அலசி ப்ளோ-ட்ரை செய்ய 45 நிமிடம். மொத்தம் 1 மணி 50 நிமிடம், அதில் 35 நிமிடம் அக்காவின் கை சும்மா இருக்கிறது.

முழு நேரத்தையும் அடைத்தால் அந்த 35 நிமிடம் வீண். திறந்து விட்டால் ஆபத்து. ஒரு முறை ஒன்பது மணிக்குக் கலர் போட்டு, 9:30க்கு அரை மணி ஹேர்கட் ஒன்றைச் சொருகினேன். அந்த அம்மாவுக்கு முடி அடர்த்தி, வெட்டி முடிக்க 10:15 ஆனது. கலர் பத்து நிமிடம் கூடுதலாக ஊறி, கேட்டதைவிடக் கருமையாகிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறை கட்டணம் வாங்காமல் செய்துகொடுத்தோம்.

அதிலிருந்து கூகுள் காலண்டரில் இரண்டு காலண்டர் வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயர் ‘நாற்காலி’, மற்றதன் பெயர் ‘கை’. அதே கலர் புக்கிங்கை இப்போது இப்படிப் போடுவேன்: ‘நாற்காலி’யில் 9:00 முதல் 10:50 வரை ஒரே கட்டம். ‘கை’யில் 9:00 முதல் 9:30, பிறகு 10:05 முதல் 10:50, இரண்டு கட்டம். நடுவில் 35 நிமிடம் வெள்ளையாகத் தெரியும். அதில் 9:35க்குப் பதினைந்து நிமிட த்ரெடிங் ஒன்றை மட்டும் வைப்பேன். பத்து நிமிடம் பிந்தினாலும் 10:05க்குள் கை விடுபட்டுவிடும். ஹேர்கட்டை அந்த இடைவெளியில் வைப்பதே இல்லை. கணக்கு முழுதும் அக்காவின் கையை வைத்துத்தான், உதவிப் பெண் கலர் தொடுவதில்லை.

சில புக்கிங் செயலிகளில் இந்த ஊறும் நேரத்தைத் தனியாகக் குறிக்க வசதி இருக்கிறது. ஆனாலும் முதல் ஒரு மாதம் கையால் போடுங்கள் என்பேன். ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரியாமல் செயலியில் எதை நிரப்புவது?

போனில் “எப்ப வர்றீங்க?” என்று தொடங்காதீர்கள். முதலில் என்ன வேலை, முடி எவ்வளவு நீளம், இதே கடையில் இதற்கு முன் கலர் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். புதியவர் என்றால் 48 மணி நேரம் முன்பே தோலில் சிறிது தடவி அலர்ஜி பார்க்க வேண்டும், 48 மணி நேரம் என்பது கலர் பெட்டியிலேயே போட்டிருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை அழைக்கும் புதியவருக்குச் சனிக்கிழமை கலர் கிடையாது. தீபாவளிக்கு முந்தின வாரம் இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கும். “ஆன்ட்டி, இன்னைக்கு வந்து டெஸ்ட் மட்டும் பண்ணிட்டுப் போங்க, திங்கக்கிழமை காலையில முதல் ஆள் நீங்கதான்” என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

கிளினிக் என்றால்

காலண்டர் தலைப்பில் நோயை எழுதாதீர்கள். உடல்நலத் தகவல் இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்பு உள்ள தகவல். காலண்டர் அறிவிப்பு பூட்டிய போன் திரையிலும் பளிச்சென்று தெரியும். நான் முதல் பெயரும் ‘புதியவர்’ அல்லது ‘தொடர்’ என்ற ஒரு சொல்லும் மட்டுமே எழுதுகிறேன். காலண்டரைப் பகிரும்போது தெரபிஸ்டுக்கு `Make changes to events`, நேரம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு `See only free/busy (hide details)`.

வலியைப் பற்றி யோசனை கேட்டால் சொல்லாதீர்கள், குறித்துக்கொண்டு தெரபிஸ்டிடம் கொடுங்கள். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு பக்கம் மரத்துப்போனது என்று சொன்னால் புக்கிங் பேச்சே வேண்டாம். ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112. இந்த இரண்டையும் எழுதி என் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தங்கை எழுதினார்: கோடு அடித்தால் பிழை என்று வருகிறதாம். விசாரித்ததில் அவர் கடையின் பிரீபெய்ட் திட்டத்தில் டைவர்ட் தடுக்கப்பட்டிருந்தது. நெட்வொர்க்கை அழைத்துத் திறக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது.

இன்னொருவர், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வைத்திருக்கிறேன். ஃபைபர் உள்ளவர்கள் கவனியுங்கள், சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் அதிலிருந்தே மின்சாரம் போக வேண்டும், ரவுட்டருக்கு மட்டும் கொடுத்தால் நெட் வராது. கரண்ட் நீண்ட நேரம் போய் டவரும் படுத்துவிட்டால் உதவ, மறுநாள் புக்கிங்கை முந்தின இரவே ஒரு தாளில் எழுதி, அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு `##004#` அடித்து எல்லாவற்றையும் அழிக்காதீர்கள், திங்கட்கிழமை எண்ணை மறுபடி அடிக்க வேண்டிவரும். கடை போனில் சனி மாலை முதல் கோடு, திங்கள் காலை இரண்டாவது. எண் அப்படியே நினைவில் இருக்கும்:

```
#004#
*004#
```

திங்கள் காலை `*#62#` ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.