கப்பிக் கணக்கில் எதை எண்ணுவது?

மதுரையில் மாலை வேளைகளில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எளிய இயந்திரங்கள் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் முகங்கள் மாறுகின்றன, தவறு மட்டும் அதே இடத்தில்தான் வருகிறது. நான் படித்த காலத்தில் செய்ததும் அதேதான். சென்டிமீட்டரை மீட்டராக்க மறப்பது, இயந்திர லாபத்துக்கு அலகு போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை ஒருமுறை மதிப்பெண் போனாலே திருந்திவிடும்.

சூத்திரங்களைப் பொறுத்தவரை யாருக்கும் குழப்பமில்லை. பளுவை W என்றும் இழுக்கும் விசையை P என்றும் வைத்துக்கொண்டால், இயந்திர லாபம் MA = W/P. வேக விகிதம் VR என்பது கை நகரும் தூரத்தைப் பளு நகரும் தூரத்தால் வகுத்தது. பயனுறுதிறன் = (MA/VR) × 100. இதில் W, P இரண்டையும் கேள்வியே கொடுத்துவிடும். VR மட்டும் படத்திலிருந்து வர வேண்டும். வண்டி குடை சாய்வது அங்கேதான்.

கப்பியை எண்ணுவது

மேலே இரண்டு கப்பி, கீழே இரண்டு கப்பி. 600 N பளுவைத் தூக்க 200 N விசை தேவைப்படுகிறது. பயனுறுதிறன் என்ன? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் படமும் போட்டால், பாதிப் பேர் VR = 4 என்பார்கள், மீதிப் பேர் 5 என்பார்கள். 4 என்றவர்களில் பலர் கப்பியை எண்ணியவர்கள். 5 என்றவர்கள் கண்ணில் பட்ட கயிற்றையெல்லாம் எண்ணியவர்கள், கையில் இருக்கும் நுனியையும் சேர்த்து.

```
 =======================  விட்டம்
     [ மேல் தொகுதி ]
      |   |   |   |   \
      |   |   |   |    \
      1   2   3   4     P (கை)
   .-------------------.
   |  |   |   |   |    |  <- வெட்டுக்கோடு
   | [ கீழ் தொகுதி ]   |
   '---------|---------'
             W
```

படத்தில் கீழ்த் தொகுதியைச் சுற்றி ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போகும் கயிறுகள்தான் பளுவைத் தாங்குகின்றன. நான்கு போகிறது, எனவே VR = 4. கைக்கு வரும் கயிறு மேல் தொகுதியிலிருந்து இறங்குகிறது. அது கோட்டைத் தொடவே இல்லை, திசையை மட்டும் மாற்றிக் கொடுக்கிறது. MA = 600/200 = 3, பயனுறுதிறன் 75%.

5 என்று எண்ணியவருக்கு 60% வரும். பார்க்க ஒழுங்கான விடை மாதிரியே இருக்கும், சந்தேகமே வராது. கூடுதலாக எண்ணினால் தவறு தன்னைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதில் ஆபத்து.

குறைவாக எண்ணினால் நிலைமை வேறு. மேலே ஒன்று, கீழே ஒன்று. கயிற்றின் ஒரு நுனி கீழ்க் கப்பியின் கொக்கியில் கட்டியிருக்கிறது. அது மேலே போய், மேல் கப்பியைச் சுற்றி இறங்கி, கீழ்க் கப்பியைச் சுற்றி மேல்நோக்கிக் கைக்கு வருகிறது. W = 540 N, P = 200 N. கப்பியை எண்ணியவர் VR = 2 என்று எழுதுவார். MA = 2.7. பயனுறுதிறன் 135%!

இந்த இடத்தில் கை நின்று, கண் திரும்பப் படத்துக்குப் போக வேண்டும். போகாது. பின்னத்தைக் கவிழ்த்துப் போட்டு, 2/2.7, 74% என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடும் இழுத்துவிடுவார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்துத்தான். "நூறுக்கு மேல வரக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்று ஒருவன் கேட்டான். சொன்னது நான்தான். வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது, தேடு என்று பொருள். விடையைப் புரட்டு என்று பொருளில்லை.

வெட்டுக்கோடு போட்டுப் பாருங்கள். கொக்கியில் கட்டிய கயிறு ஒன்று, கீழ்க் கப்பியின் இரண்டு பக்கமும் இரண்டு, ஆக மூன்று. இங்கே கையில் இருக்கும் கயிறும் கோட்டைத் தாண்டுகிறது, அதனால் அதுவும் தாங்குகிறது. VR = 3, பயனுறுதிறன் 90%.

"கப்பியை எண்ணு" என்ற குறுக்குவழி சாகாமல் இருப்பதற்குக் காரணம், பல படங்களில் அது சரியாகவே வரும். ஒரே கயிறு எல்லாக் கப்பிகளையும் சுற்றி, நுனி மேல் தொகுதியிலிருந்து இறங்கினால் கப்பி எண்ணிக்கையே VR. நுனி கீழ்த் தொகுதியிலிருந்து மேலே போனால் ஒன்று கூடும். தேர்வில் இந்த இரண்டாவது படம்தான் ஆளைப் பார்த்து வரும்.

தேர்வுக்கு வெளியிலும் இதற்கு விலை உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மாணவனின் மாமா, கிணற்று மோட்டாரை ஏற்றி இறக்க இப்படி 2+2 கப்பி கட்டினார். ஆழம் 12 மீட்டர். ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் கூடவே 30 மீட்டர் கயிறு வாங்கிவிட்டார். கீழ்த் தொகுதி ஏழு மீட்டர் இறங்கியதும் கயிறு தீர்ந்துபோனது. நான்கு கயிறு தாங்கினால் ஆழத்தைப் போல நான்கு மடங்கு, 48 மீட்டர், அதற்கு மேல் கைப்பிடிக்கும் நீளம் வேண்டும். VR என்பது கயிற்றுக் கடையில் கொடுக்கும் காசும்தான்.

கீழ்க் கப்பியின் எடையைப் பளுவோடு சேர்ப்பது

முதல் கணக்கில் கீழ்த் தொகுதியின் எடை 40 N என்று கொடுத்தால், உடனே W = 640 என்று மாற்றி 80% கொண்டுவருவார்கள். W என்பது நமக்குத் தேவையான பளு மட்டும். 200 × 4 = 800 என்று பிரித்துப் பாருங்கள்: 600 பளுவுக்கு, 40 தொகுதியைத் தூக்க, மீதி 160 உராய்வுக்கு. பயனுள்ளது 600 மட்டுமே.

பளு கூடினால் பயனுறுதிறன் ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 100 N பளுவுக்கு 100/140, அதாவது சுமார் 71%. 600 N பளுவுக்கு 600/640, சுமார் 94%. தண்டமாகத் தூக்கும் 40 மாறுவதில்லை.

விடையை மூன்று தசமத்துக்கு இழுப்பது

ஒன்று போதும்.

கடப்பாரையின் நீளத்தையே கை நீளமாக எடுப்பது

150 செ.மீ. கடப்பாரை, நுனியில் கல், நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி அண்டை, அதுதான் ஆதாரப்புள்ளி. கை நீளம் 150 இல்லை, 135. MA 9. அதே கடப்பாரையின் நுனியைத் தரையில் ஊன்றி, நுனியிலிருந்து 15 செ.மீ.யில் கல்லை வைத்து மேலே தூக்கினால் 150/15, MA 10. எந்த நீளமும் ஆதாரப்புள்ளியிலிருந்துதான் புறப்பட வேண்டும். படத்தில் முதலில் ஆதாரப்புள்ளிக்கு முக்கோணம் போடாதவர்களுக்கு நான் கணக்கையே திருத்துவதில்லை.

சாய்தளத்தில் அடிப்பக்கத்தை எடுப்பது

லாரித் தட்டு 1.2 மீ. உயரம், பலகை 3.6 மீ. பலகைக்கு இணையாக இழுத்தால் VR = 3.6/1.2 = 3. பலர் தரையோடு கிடக்கும் பக்கத்தை எடுத்து 2.83 என்பார்கள். மூட்டை நகர்வது பலகை மேல், தரையில் இல்லை. 750 N மூட்டையை இழுக்க 400 N ஆனால் MA 1.875, பயனுறுதிறன் 62.5%.

இந்த விடையை மனசுக்குள் சோதிக்க ஒரு வழி உண்டு. உராய்வே இல்லாவிட்டால் 250 N போதும், மீதி 150 N உராய்வு தின்றது. மூட்டையைக் கீழே தள்ளும் 250, அதைத் தடுக்கும் 150ஐ விடப் பெரியது. கையை விட்டால் மூட்டை சறுக்கி வரும். பயனுறுதிறன் 50%க்குக் கீழே இருந்தால் விட்ட இடத்தில் நிற்கும். கார் தூக்கும் திருகு ஜாக்கி கைப்பிடியை விட்டாலும் இறங்காததற்கு இதுதான் காரணம். அந்த ஜாக்கிக்கு 70% என்று விடை வந்தால், திருகின் புரியைத் திரும்பப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு ஏறும் உயரமாக, அடுத்தடுத்த புரிகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்குப் பதிலாக வேறெதையோ எடுத்திருப்பீர்கள்.