பெயர்ப்பலகையும் கதவுக் கைபிடியும்: ஏஐ கட்டடப் படங்களைத் திருத்தும்போது செய்யக் கூடாதவை

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கட்டட வரைபடம் போடுகிற இளைஞர்கள் பலர், கட்டப்போகும் கடை எப்படி இருக்கும் என்று காட்ட இப்போது ஏஐ படங்களைத்தான் கொடுக்கிறார்கள். சுவர், கூரை, முன்னால் நிற்கும் தென்னை, வெயில் எல்லாம் நன்றாகவே வந்துவிடுகின்றன. பெயர்ப்பலகையும் கதவுக் கைபிடியும்தான் காட்டிக்கொடுக்கும். அவற்றைத் திருத்தப் போய் இவர்கள் விடுகிற பிழைகள், நானும் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகள். யார் பார்த்தாலும் தெரிகிற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

தமிழை மாடலிடமே எழுதக் கேட்பது

கேட்காதீர்கள். ஆங்கிலத்தை ஓரளவு ஒழுங்காக எழுதும் புதிய மாடல்கள் வந்திருக்கின்றன. தமிழையும் சிங்களத்தையும் அவற்றிடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் கொடுக்க முடியாது.

எழுத்தைத் திருத்திய பிறகு படத்தை மறுபடி ஓட விடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். இதில்தான் காசும் போகிறது.

கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்பக்கப் படம் செய்தார் ஒரு தம்பி. மாடல் பலகையில் கிறுக்கியிருந்ததை அழித்து, கடைக்காரரின் பெயரையும் அதன் கீழே ‘உணவகம்’ என்பதையும் அழகாகப் பொருத்தினார். கடைக்காரர் பார்த்தார், சரி என்றார். அப்புறம் அச்சுக்கு அனுப்புவதற்காகத் தம்பி படத்தை இரண்டு மடங்கு பெருக்கினார். வெறும் பெருக்கல் இல்லை. பெருக்கியபடியே மாடலை மறுபடி வரையச் சொல்லும் முறை; படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று மாடலுக்குச் சொல்லும் `Denoising strength` 0.35. செங்கல், ஓடு, கண்ணாடி எல்லாம் முன்பைவிடத் துலக்கமாக வந்தன. ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய எழுத்துத்தானே என்று பலகையை யாரும் திரும்ப வாசிக்கவில்லை. பிளெக்ஸ் அடித்துக் கடைக்கு முன்னால் கட்டிய பிறகுதான் தெரிந்தது: பலகையில் நின்றது ‘உனவகம’. மூன்று சுழி ண இரண்டு சுழியாகியிருந்தது, கடைசி மகரத்தின் புள்ளியைக் காணோம்.

“தம்பி, நம்மட கடட பேருக்குக் கீழ இதென்ன எழுதி வெச்சிரிக்கீங்க?” என்று கடைக்காரர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிளெக்ஸ் காசு தம்பியின் தலையில் விழுந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால், இந்தப் பிழை மறுபடி வராது. ஸ்டேபிள் டிஃபியூஷன் வகை மாடல்கள் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. முதலில் படத்தைச் சுருக்கிக்கொள்கின்றன. 8க்கு 8 பிக்சல் கொண்ட ஒரு சதுரம் ஒரே ஒரு கட்டமாகிறது. 1024 பிக்சல் அகலப் படம் உள்ளே 128 கட்டம்தான். அந்தத் தம்பியின் படத்தில் ‘உணவகம்’ 24 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று கட்டம். ணகரத்தின் மூன்று சுழிகளும் அந்த மூன்று கட்ட உயரத்துக்குள் நெருங்கி நிற்க வேண்டும். புள்ளி நான்கு பிக்சல், அதாவது அரைக் கட்டம். இரண்டு மடங்கு பெருக்கினாலும் புள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு கட்டம். அந்த ஒரு கட்டம் எழுத்தின் உயிர் என்று மாடலுக்குத் தெரியாது. சுவரில் ஒட்டிய தூசியைப் போல எண்ணிச் சமன்செய்துவிடும். அதனால்தான் முதலில் புள்ளி போகும், அடுத்து சுழி போகும், அதற்கடுத்து ஏகாரக் கொம்பின் சுழிப்பு போய் எகரமாகும். இந்த மூன்றும் தமிழில் சொல்லையே மாற்றிவிடுகிற இடங்கள்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. எழுத்தைத் தொடவே இல்லை, மாடல் திருத்த வேண்டிய இடம் இதுதான் என்று காட்டும் மாஸ்க்கைக் கதவுக் கைபிடியைச் சுற்றி மட்டும்தான் போட்டேன் என்பார்கள். இந்த மாடல்களை ஓட்டும் ComfyUI மென்பொருளில் அப்படிச் செய்தாலும் முழுப்படமும் ஒருதடவை சுருங்கி, மறுபடி விரிந்துதான் வெளியே வருகிறது. மாஸ்க்குக்கு வெளியே மாடல் புதிதாக எதையும் வரையாது, உண்மைதான். ஆனால் சுருங்கி விரிவதிலேயே சின்ன எழுத்துகளின் ஓரம் கரையும். இரண்டு மூன்று தடவை ஓடினால் கண்ணுக்கே தெரியும். திருத்திய பகுதியை மட்டும் வெட்டி மூலப்படத்தின் மேல் ஒட்டுகிற `ImageCompositeMasked` கணுவைக் கடைசியில் சேர்த்தால் இது நிற்கும். AUTOMATIC1111 என்ற இன்னொரு மென்பொருள் இந்த ஒட்டுவேலையைத் தானே செய்துவிடுகிறது.

ஆகவே வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். மாடல் தொட வேண்டிய எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள்: கைபிடி, ஜன்னல், வெறும் பலகை. அடுத்ததாகப் பெருக்குங்கள். எழுத்து கடைசியில், GIMP-இலோ போட்டோஷொப்பிலோ தனி லேயராக ஏற வேண்டும். அதன் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் படம் மாடலுக்குள் திரும்பப் போகக் கூடாது. வாடிக்கையாளர் சுவர் நிறத்தை மாற்றச் சொன்னால், எழுத்து லேயரை அணைத்துவிட்டுக் கீழே உள்ள படத்தை மட்டும் ஓட விட்டு, திரும்பக் கொண்டுவந்து எழுத்துக்கு அடியில் வையுங்கள்.

கெட்டதா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ஒப்புதல் கிடைத்த படத்தைக் கடைசிப் படத்தின் அளவுக்குக் கொண்டுவந்து அதன் மேல் வைத்து, லேயர் முறையை `Difference` ஆக்குங்கள். எழுத்து மாறாமல் இருந்தால் பலகை கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும். எழுத்தின் ஓரம் முழுக்க மெல்லிய கோடு தெரிந்தால் அது அளவு மாறியதால் வந்தது, பயமில்லை. ஒரு சுழியிலோ புள்ளியிலோ மட்டும் தனியே வெளிச்சம் தெரிந்தால் அங்கே எழுத்து மாறியிருக்கிறது. சிங்கள வரி இருந்தால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

கைபிடியைச் சுற்றி இறுக்கி மாஸ்க் போடுவது

கைபிடி மட்டும் மூடுகிற அளவுக்குச் சின்ன மாஸ்க் போட்டு, அந்த இடத்தை மட்டும் வரையச் சொன்னால், மாடலுக்குக் கதவே தெரிவதில்லை. தெரியாத இடத்தில் அது குழாயையோ கொக்கியையோ வரைந்து வைக்கும். AUTOMATIC1111-இல் `Inpaint area` என்பதை `Only masked` ஆக்குவது சரிதான், அப்போது அந்தச் சின்ன இடத்தைப் பெரிதாக்கித் துலக்கமாக வரையும். ஆனால் `Only masked padding, pixels` முதலில் 32-இல் இருக்கும். அதை 100 அளவுக்கு ஏற்றுங்கள். கதவின் ஓரமும் நிலையும் அதன் பார்வைக்குள் வர வேண்டும்.

அதற்கும் முன்னால், கைபிடி எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பிணைச்சல் இருக்கும் பக்கத்தில் கைபிடி வராது, அதற்கு எதிர்ப்பக்கம்தான். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரம், ஆகவே ஏழடிக் கதவில் நடுவுக்குச் சற்றுக் கீழே விழும். இரட்டைக் கதவு என்றால் இரண்டு கைபிடிகளும் நடுவில் கதவுகள் சேரும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அழுத்தித் திறக்கும் நீட்டுக் கைபிடி என்றால் அதன் நீளம் பிணைச்சல் பக்கத்தைப் பார்த்திருக்கும். மாடலுக்கு இந்தக் கணக்கு கிடையாது. பிணைச்சல் பக்கத்தில் ஒன்றும் எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு கைபிடிகளை ஒரே கதவில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

தப்பான இடத்தில் இருக்கும் கைபிடியை `Denoising strength` கூட்டிக் கூட்டித் திருத்த முனைவதில் பலர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். குறைவாக வைத்தால் பழைய கைபிடியே திரும்ப வரும். அதிகமாக வைத்தால் வேறொரு விசித்திரம் வரும். பழையதை முதலில் குளோன் தூரிகையால் கதவு நிறத்தில் மூடிவிடுங்கள். சரியான இடத்தில், சரியான நீளத்தில், கடும் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டைக் கையாலேயே இழுங்கள். நேர்த்தி வேண்டாம். பிறகு அந்தக் கோட்டின் மேல் மாஸ்க் போட்டு 0.4 முதல் 0.5 வரை வைத்து ஓட விடுங்கள். கோடு இருக்கும் இடத்தை விட்டு மாடல் விலகாது. பளபளப்பையும் நிழலையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். கோட்டின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். கதவு நிலையின் நிழல் இடப்பக்கம் விழுந்தால் கைபிடியின் நிழலும் இடப்பக்கம்தான் விழ வேண்டும்.

ரோலர் கதவுக்கு நடுவில் கைபிடி

அழித்துவிடுங்கள். ரோலர் கதவைப் பிடித்துத் தூக்குவதும் பூட்டுவதும் பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தில்.

பலகையை முழுதாகத் துடைக்காமல் எழுதுவது

மாடல் போட்ட கிறுக்கலின் மேலேயே தடித்த எழுத்தை வைத்து மறைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். இடைவெளிகளில் பழைய கிறுக்கலின் நிழல் எட்டிப் பார்க்கும். பலகையின் நான்கு ஓரத்தையும் உள்ளடக்கி மாஸ்க் போட்டு, `Masked content` என்பதை `fill` ஆக்கி ஓட விட்டால் வெறும் பலகை கிடைக்கும். அதிலும் எழுத்துப் போன்ற ஏதாவது முளைத்தால், பலகையின் நிறத்தை எடுத்துக் கையாலேயே பூசிவிடுங்கள். மேலே வெளிச்சம், கீழே சற்று இருட்டு என்ற அந்த ஏற்றத்தாழ்வு மட்டும் தப்ப வேண்டும்.

எழுத்தை நேராகத் தட்டச்சு செய்துவிட்டு, பலகை எந்தச் சரிவில் இருக்கிறதோ அதே சரிவுக்கு Perspective கருவியால் இழுங்கள். போட்டோஷொப் என்றால் முதலில் `Smart Object` ஆக்கிக்கொள்ளுங்கள், பிறகு சொல்லை மாற்ற வேண்டி வந்தால் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்காது. இழுத்து முடித்ததும் எழுத்து படத்தைவிடக் கூர்மையாகத் தெரியும், ஒட்டவைத்தது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். அரை பிக்சல் முதல் ஒரு பிக்சல் வரை `Gaussian Blur` போதும். பலகைக்கு மேலே உள்ள சன்ஷேட்டின் நிழல் விழுந்திருந்தால், அந்த நிழலைத் தனி லேயராக `Multiply` முறையில் எழுத்தின் மேலும் விழச் செய்யுங்கள். எழுத்து மட்டும் வெயிலில் நிற்கும் பலகைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பாமினி

வாட்ஸ்அப்பில் வந்த பெயரை ஒட்டிவிட்டு எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினால் அது வேலை செய்யாது, வந்தது யூனிகோட், பாமினி யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. `Noto Sans Tamil` அல்லது `Catamaran` எடுங்கள். பழைய போட்டோஷொப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் GIMP-இலோ Inkscape-இலோ எழுதி எடுத்துவாருங்கள்.

பிளெக்ஸ் கடைக்கு ஒரே படமாக அனுப்புவது

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், அங்கேயும் முதலில் போவது புள்ளிதான். ஆவணமாக அனுப்புங்கள். முன்பலகையே அச்சாகப் போகிறது என்றால் எழுத்தை மட்டும் Inkscape-இல் `Path > Object to Path` கொடுத்து, PDF ஆகத் தனியாகக் கொடுங்கள். அச்சடிக்கிற இடத்தில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் ண மூன்று சுழியோடு நிற்கும்.