யோகா வகுப்புக் குரூப்பில் வருகைப் பதில்: ஒற்றை வரியில் கணக்கும் திட்டமும்

தக்கலைப் பக்கம் ஒரு மாடி ஹாலில் காலை 5.45 முதல் 6.45 வரை வகுப்பு எடுக்கிறேன். வாரம் மூன்று நாள், மொத்தம் 18 பேர். ஹாலில் வரிசைக்கு 4 வீதம் 12 பாய் தாராளமாக விரிக்கலாம். 15 ஆனால் கை விரித்தால் பக்கத்துப் பாயில் படும். அதனால் நாளைக்கு யார் வருகிறார்கள் என்பது முந்தின நாள் ராத்திரியே எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதலில் எல்லாரும் செய்வதுபோல்தான் செய்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் "1." என்று போட்டு பட்டியலைத் தொடங்கிவிடுவேன். ஒவ்வொருவரும் அதை நகல் எடுத்து, கீழே தன் பெயரைச் சேர்த்து மறுபடி போடுவார்கள். ஒருநாள் காலையில் ஒரு அக்கா பாயோடு வந்து நின்றார், விரிக்க இடமில்லை. "டீச்சர், நான் நேத்தே பேரு போட்டேனே, எனக்க பேரு எங்க?" என்றார். போனை எடுத்து மேலே தள்ளிப் பார்த்தேன். 8.42-க்கு அவர் 9-ஆவதாகப் பெயர் சேர்த்திருக்கிறார். அதே 8.42-க்கு இன்னொருவர் பழைய பட்டியலை நகல் எடுத்துத் தன் பெயரை 9-ஆவதாகப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் இரண்டாவது பட்டியலின் மேலேயே தொடர்ந்துவிட்டார்கள். அக்காவின் பெயர் அங்கேயே நின்றுபோனது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நகல் எடுத்தால் இந்த முறையில் ஒரு பெயர் விழத்தான் செய்யும். அன்றோடு அதை நிறுத்தினேன்.

படி 1: ஆளுக்கு ஒரு நிரந்தர எண்

சேர்ந்த வரிசையில் 1 முதல் எண் கொடுங்கள். ஒருவர் நின்றுபோனால் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், காலியாகவே கிடக்கட்டும். மாற்றிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்கைப் பார்க்கும்போது இருவருடைய வருகையும் கலந்துவிடும். எண்ணும் பெயரும் உள்ள பட்டியலைக் குரூப்பில் போட்டு, 30 நாள் மேலேயே நிற்கும்படி pin செய்துவையுங்கள்.

படி 2: பதிலின் வடிவம்

எண், அதை ஒட்டி ஒரு குறி, தேவைப்பட்டால் ஒரே ஒரு சொல். அவ்வளவுதான்.

```
7+          வருவேன்
7-          வரமாட்டேன்
7?          உறுதியில்லை
7+ முட்டு    வருவேன், முழங்கால் வலி
```

வ, இ என்று எழுத்து வைத்துப் பார்த்தேன். தமிழ் விசைப்பலகை இல்லாத போனில் சிரமமாக இருந்தது. கூட்டலும் கழித்தலும் எல்லாப் போனிலும் இருக்கிறது, கண்ணாடி போடாமலும் அடித்துவிடலாம்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் வாக்கெடுப்பு வசதியை விட்டுவிட்டேன். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் வாக்கெடுப்பு எளிது. யார் போட்டார்கள் என்றும் பார்க்கலாம். ஆனால் யாருக்கு முட்டு வலி, யாருக்கு இடுப்புப் பிடிப்பு என்று அதில் வராது. கட்டைவிரல் எமோஜியும் உதவாது. நம்முடைய கேள்விக்குப் போடாமல் மேலே இருக்கிற காலை வணக்கப் படத்துக்குப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் குரூப்பில் நான்கு சொற்கள்தான்: முட்டு, இடுப்பு, கழுத்து, ஓய்வு. கடைசிச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாளில் வருகிற பெண்கள் அதைப் பொதுவில் எழுத வேண்டியதில்லை. ராத்திரி தூங்காதவரும், காய்ச்சல் விட்டு வருகிறவரும் அதே சொல்லைப் போடுவார்கள். "ஓய்வு" என்று வந்தால் தலைகீழ் நிலைகள் கிடையாது, எல்லாம் பையச் செய்யலாம் என்று அர்த்தம். காரணத்தை நான் கேட்பதில்லை, மற்றவர்களும் கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கர்ப்பம் இவை தினமும் சொல்ல வேண்டிய சங்கதியும் இல்லை, குரூப்பில் வர வேண்டியதும் இல்லை. சேரும்போதோ தெரியவந்தபோதோ நேரில் கேட்டு என் நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

படி 3: ஒரே நேரம், ஒரே கேள்வி

முந்தின நாள் இரவு 8 மணிக்கு, நாளும் கிழமையும் முதல் வரியில் வரும்படி கேள்வியைப் போடுங்கள். அதைப் பிடித்து ரிப்ளை செய்துதான் பதில் போட வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதன்கிழமைக்கான "7+" எது, வெள்ளிக்கிழமைக்கான "7+" எது என்று பிறகு தேடினால் பிடிபடாது.

9.30-க்குக் கணக்கை மூடுகிறேன். அதன்பின் மாற்றம் இருந்தால் காலை 5 மணிக்குள் புதுப் பதிலாகப் போடலாம். பழையதை அழிக்க வேண்டாம், கடைசியாக வந்ததே கணக்கு.

படி 4: ஒரு ராத்திரியின் கணக்கு

ஒரு செவ்வாய் இரவு 9.30-க்கு இருந்த நிலை இது. 13 பேர் கூட்டல், 2 பேர் கழித்தல், ஒருவர் கேள்விக்குறி, 2 பேர் பதிலே இல்லை. சேர்த்தால் 18. இந்தக் கூட்டலை ஒவ்வொரு நாளும் போட்டுப் பாருங்கள். 18 வராவிட்டால் யாரோ இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள், அல்லது எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள். சொற்களில் முட்டு 2, இடுப்பு 1, ஓய்வு 1.

13 பேர் சொன்னால் 13 பேரும் வருவதில்லை. அதற்கு முந்தைய 12 வகுப்புகளில் மொத்தம் 144 கூட்டல் வந்திருந்தது, சொன்னபடி வந்தது 126. எட்டுக்கு ஏழு. அந்தக் கணக்கில் 13-க்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வரும். ஆக 12 பாய். மறுநாள் சொன்னவர்களில் 11 பேரும், பதில் போடாதவர்களில் ஒருவரும் வந்தார்கள்.

இனி என்ன நடத்துவது என்பது. திங்கள்கிழமை சர்வாங்காசனத்துக்கு முன்தயாரிப்பாகச் சுவரோரம் கால் தூக்கி விபரீதகரணி பழக்கியிருந்தேன். புதன் அன்று அடுத்த படிக்குப் போகலாம் என்று நினைப்பு. திங்கள் வருகையை எடுத்து, நாளைக்கு வரும் 13 எண்களோடு ஒப்பிட்டேன். 8 பேர்தான் திங்கள் வந்தவர்கள். மீதி 5 பேர் சுவரோரப் பயிற்சி செய்யாதவர்கள். அவர்களைக் கழுத்தில் எடை விழும் நிலைக்கு நேரே கொண்டுபோவது தப்பு. அதனால் புதனும் சுவரோரமே. மூன்றில் இரண்டு பங்குப் பேராவது முந்தைய படியைச் செய்திருந்தால் மட்டும் புதுசு தொடங்குவது, அதிலும் செய்யாதவர்களைச் சுவரோரமே நிறுத்துவது என்று வைத்திருக்கிறேன்.

முட்டு சொன்ன இருவருக்கு வஜ்ராசனம் இல்லை. மடித்த பெட்ஷீட்டின் மேல் சுகாசனம், அதுவும் வலித்தால் நாற்காலி. இடுப்பு சொன்னவருக்குப் பச்சிமோத்தாசனத்துக்குப் பதில், மல்லாந்து படுத்துத் துண்டைப் பாதத்தில் மாட்டி ஒரு காலை மட்டும் தூக்குவது. ஓய்வு சொன்னவருக்குச் சுவரோரப் பயிற்சி கிடையாது. முட்டுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருப்பார். நான்கு பேரையும் சுவர்ப் பக்க வரிசையில் போட்டேன், எனக்கு எட்டும் தூரத்தில்.

படி 5: வந்ததையும் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்

குரூப்பில் வரும் பதில் வருகிற எண்ணம் மட்டும்தான். வந்தாரா என்பதை வகுப்பு முடிந்து, பாய் சுருட்டும்போதே குறிக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். சொல்லி வந்தால் 1, சொல்லி வராவிட்டால் 0, சொல்லாமலோ கேள்விக்குறி போட்டோ வந்தால் 2, வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வராமலிருந்தால் x. மற்றதைக் காலியாக விடுங்கள். கட்டத்தில் தனியாக + அடிக்காதீர்கள், அதைச் சூத்திரத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும்.

அன்று வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு:

```
=COUNTIF(C2:C19,">0")
```

12 வகுப்புகளில் சொன்னபடி வந்த பங்குக்கு:

```
=COUNTIF(C2:N19,1)/(COUNTIF(C2:N19,1)+COUNTIF(C2:N19,0))
```

காலிக் கட்டங்களை இது 0 என்று எண்ணாது.

மாதம் ஒருமுறை கிடைமட்டமாகப் பாருங்கள்

தினமும் மேலிருந்து கீழாகத்தான் பார்ப்போம். மாதக் கடைசியில் ஒவ்வொரு எண்ணின் வரிசையையும் இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும். ஒருதடவை அப்படிப் பார்த்தபோது 4, 12, 15 மூன்றும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு வாரம் x x x, அடுத்த வாரம் 1 1 1, மறுபடி x x x. மூன்று பேரும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஞாயிறும் விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு.

எங்கள் வகுப்பு அப்போது திங்கள், புதன், வெள்ளி. விரலில் எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு வெட்டு என்றால் அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி வெட்டு. முதல் வாரம் மூன்று வகுப்பும் போய்விடும், அடுத்த வாரம் மூன்றும் கிடைக்கும். ஒரு வாரம் முழுக்க விட்டுவிட்டு வருகிறவருக்கு எந்தப் புதுப் படியும் தொடர்ச்சியாகக் கிடைக்காது. அதுவரை அவர்களுக்கு ஆர்வம் குறைவோ என்று நான் நினைத்திருந்தது தப்பு.

இன்னொன்றும் அந்த வரிசையில் தெரிந்தது. மழைக் காலையில் வண்டியில் வருகிறவர்கள் வருவதில்லை, ஆனால் மரத்துக்கு மழைக்காப்புக் கட்டாத தோட்டத்தில் வெட்டு நடக்காததால் இந்த மூவரும் சொல்லாமலே வந்து நிற்பார்கள். ஜூனிலும் ஐப்பசியிலும் அவர்கள் வரிசையில் 2 அதிகம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மழைநாளில் "யாரும் வரமாட்டார்கள்" என்று வகுப்பை ரத்து செய்வதை விட்டுவிட்டேன்.

வகுப்பைத் திங்கள், செவ்வாய், வியாழன் என்று மாற்றினேன். இப்போது ஒரு வாரம் அவர்களுக்குத் திங்கள் மட்டும் போகும், செவ்வாயும் வியாழனும் கிடைக்கும். மறுவாரம் திங்கள் கிடைக்கும். அதனால் புதுப் படி எதுவானாலும், அவர்கள் வருகிற செவ்வாயில் தொடங்கி வியாழனில் முடிக்கிறேன், அடுத்த திங்கள் திருப்பிச் செய்கிறோம். மழையால் வெட்டுமுறை ஒருநாள் தள்ளிப்போனால் 12-ஆம் எண் அக்கா ஞாயிறு ராத்திரியே குரூப்பில் போட்டுவிடுவார்: "12- 4- 15-, நாளைக்கு வெட்டு."