நெல்லிக்கனியை விட்டுவிட்டு எஸ்.ஓ.பி. எழுதுவது எப்படி?

தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ் முதுகலைக்கு எழுதிக் கொண்டுவரும் எஸ்.ஓ.பி., அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்கக் கட்டுரை, பெரும்பாலும் "அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் பிறந்தேன்" என்று தொடங்கும். அடுத்த வரியில் நெல்லிக்கனி வந்துவிடும். படிப்பவருக்குத் தெரிந்த கதைதான் அது. உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஊரை விட வேண்டாம், பாட்டை மாற்றுங்கள். அதே அவ்வையார் அதே அதியமானைப் பாடிய புறநானூறு 95, ஒன்பதே அடி.

முதலில் உரையைத் திறக்காமல், பாட்டைக் கையால் எழுதிச் சந்தி பிரியுங்கள். 'இவ்வே' என்று தொடங்கும் பகுதியில் மயிற்பீலி, மாலை, நெய், காவல் மாளிகை. 'அவ்வே' பகுதியில், பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பவை. எவை? கடைசிச் சொல்லான 'வேலே' வரும்வரை பாட்டு சொல்வதில்லை.

அடுத்து, திரும்ப வரும் சொல்லைத் தேடுங்கள். இங்கே அது 'நுதி'. நான்காம் அடியில் 'கோடுநுதி சிதைந்து'. ஒன்பதாம் அடியில் 'வைந்நுதி வேலே'. சிதைந்த நுனி எப்படிக் கூர்நுனி ஆனது? உங்கள் எஸ்.ஓ.பி.யின் கேள்வி இதுதான். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்'. சோறு!

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அதியமானின் தூதாக அவ்வையார் தொண்டைமான் என்ற அரசனிடம் போனது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியது எல்லாம் பாட்டின் கீழுள்ள குறிப்பில் இருப்பவை; பாட்டுக்குள் தொண்டைமான் பெயரே கிடையாது. "தொண்டைமானைக் கேலி செய்கிறார்" என்று எழுதினால், குறிப்பின்படி என்றும் சேர்த்து எழுதுங்கள். ஆத்திசூடி பாடிய அவ்வையாரையும் இவரோடு குழப்பிவிடாதீர்கள். பலர் சறுக்கும் இடம் அது.

இப்போது முதல் பத்தி. ஏறக்குறைய இப்படி வரலாம்:

"புறநானூறு 95இல் வேலின் நுனி முதலில் சிதைந்திருக்கிறது, முடிவில் கூராக இருக்கிறது. இடையில் வருவது போர் அல்ல, பகிர்ந்துண்ணும் சோறு. அந்தக் கூர்மையை அவ்வையார் கொல்லன் உலையில் தேடவில்லை, உடன் உண்பவனிடம் காண்கிறார் என்று வாசிக்கிறேன்."

சரி, 'வைந்நுதி' என்பது வேலுக்கு வழக்கமாகச் சேரும் அடைமொழிதானே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதை மறைக்காமல் இரண்டாம் பத்தியில் நீங்களே எழுதுங்கள். வழக்கமான அடைமொழியைப் புலவர் எப்போது வெறுமனே வைக்கிறார், எப்போது பொருளோடு வைக்கிறார்? அதை அறிய, புறநானூற்றில் வேல் வரும் பாடல்களை வரிசையாக வாசிக்க வேண்டும். முதுகலையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அந்த வாசிப்பையே பதிலாக எழுதுங்கள். சிறுவயதிலிருந்தே தமிழார்வம் என்ற பத்தி ஏற்கெனவே இருந்தால் அடித்துவிடலாம்.