ஷார்ட்ஸ் பாத்தவங்க முழு வீடியோவுக்கு வர்றாங்களா? கணக்கு பாக்கும்போது நடக்கற தப்புங்க

பைக் மெக்கானிக் வேலை சொல்லித்தர்ற ஒரு சின்ன யூட்யூப் சேனல், நம்ம தம்பி ஒருத்தர் நடத்துறார், முழு வீடியோவுலேருந்து கிளிப் வெட்டி ஷார்ட்ஸா போடறார். போன மாசம் ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு அனுப்பி, "அண்ணா, ஷார்ட்ஸ் 1 லட்சம் வியூஸ் போயிடுச்சு, முழு வீடியோ 4,000 வந்திருக்கு, அப்ப நூத்துக்கு நாலு பேர் உள்ள வர்றாங்க, இனிமே தினமும் கிளிப் போடப்போறேன்"னு சொன்னார். நான் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் யூட்யூப் ஸ்டூடியோவ திறந்து உக்காந்தோம். அந்த ஒரு மணி நேரத்துல பாத்ததத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே கணக்க நிறைய பேர் இப்படித்தான் போடறாங்க. நம்பர எல்லாம் புரியறதுக்காக உருண்டையாக்கி இருக்கேன்.

மொதல் தப்பு, அந்த வகுத்தலே. முழு வீடியோவோட மொத்த வியூஸ ஷார்ட்ஸோட வியூஸால வகுத்தா வர்றதுக்கு எந்த அர்த்தமும் இல்ல, ரெண்டும் ஒரே வாரத்துல நடந்துச்சுங்கறத தவிர அதுக்குள்ள வேற தகவலே கிடையாது. முழு வீடியோவோட அனலிடிக்ஸ்ல Traffic source போய் பிரிச்சு பாத்தா அந்த 4,000-ல 1,900 ஹோம் பேஜ் வழியா, 1,100 யூட்யூப் சர்ச் வழியா, 450 சஜஸ்டட் வீடியோ, 150 சேனல் பேஜ், ஷார்ட்ஸ்ல வெச்ச லிங்க் வழியா வந்தது 310, மீதி சில்லற. ஆக கிளிப் கையப் புடிச்சு கூட்டிட்டு வந்ததுன்னு நிச்சயமா சொல்ல முடியறது 310 தான்.

இங்க இன்னொரு குழப்பம் இருக்கு. ட்ராஃபிக் சோர்ஸ்ல Shorts feed-னு ஒரு பேர் வரும், அத பாத்துட்டு "ஷார்ட்ஸ்லேருந்து என் முழு வீடியோவுக்கு வந்தவங்க"ன்னு பலர் நெனச்சுக்கறாங்க. அப்படி இல்ல, அது ஷார்ட்ஸ் ஃபீட்ல ஸ்க்ரோல் பண்ணும்போது அந்த ஷார்ட்ஸயே பாத்த வியூஸ். சேனல் முழுசுக்குமான அனலிடிக்ஸ்ல பாத்தா அது மேலயே பெருசா நிக்கும், முழு வீடியோவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எப்பவும் அந்த ஒரு முழு வீடியோவ மட்டும் திறந்து அதோட ட்ராஃபிக் சோர்ஸ பாருங்க.

லிங்க் விஷயமும் சொல்லிடறேன். 2023 ஆகஸ்ட் 31-லேருந்து ஷார்ட்ஸோட கமெண்ட்லயும் டிஸ்க்ரிப்ஷன்லயும் போடற லிங்க்க தொட்டா திறக்காது, ஸ்பேம் தொல்லைக்காக யூட்யூப் நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் வந்த வழிதான் ஸ்டூடியோல ஷார்ட்ஸ எடிட் பண்ணும்போது இருக்கற Related video. அதுல முழு வீடியோவ தேர்ந்தெடுத்தாதான் ப்ளேயர்லயே தொடற மாதிரி லிங்க் வரும். இன்னைக்கும் "முழு வீடியோ லிங்க் கமெண்ட்ல"ன்னு எழுதிட்டு, லிங்க் வழியா யாருமே வரலயேன்னு வருத்தப்படறவங்க இருக்காங்க. தொட முடியாத லிங்க்ல எப்படிங்க வருவாங்க.

ரெண்டாவது தப்பு, வகுக்கும்போது கீழ போடற நம்பர். 310-ஐ 1 லட்சத்தால வகுக்கலாமான்னா, அதுவும் சரியில்ல. 2025 மார்ச் 31-லேருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பிச்சாலே ஒரு வியூ, திரும்ப ஓடினா இன்னொரு வியூ, எத்தன செகண்ட் பாத்தாங்கங்கற கணக்கே கிடையாது. அதுக்கு முன்னாடி கொஞ்ச செகண்டாவது பாத்திருக்கணும். அந்த பழைய கணக்கு காணாமப் போகல, Engaged views-ங்கற பேர்ல இருக்கு, ஷார்ட்ஸ் வருமானமும் அத வெச்சுத்தான். தம்பியோட கிளிப்புக்கு அது 62,000. மத்த 38,000-ல பெரும்பாலும் வெரல் தள்ளும்போது ஒரு கண் பட்டுப் போனது, அவங்களுக்கு லிங்க் இருந்ததே தெரிஞ்சிருக்காது. 310-ஐ 62,000-ஆல வகுத்தா நூத்துக்கு 0.5. நாலுன்னு நெனச்சது அரையாயிடுச்சு, அவர் மொகம் சுருங்கிடுச்சு, ஆனா உண்மை அதுதான்.

இந்த தேதி ஏன் முக்கியம்னா, 2024-ல போட்ட கிளிப்பையும் இப்ப போட்ட கிளிப்பையும் வெறும் வியூஸ வெச்சு பக்கத்துல பக்கத்துல வெச்சா, புது கிளிப்புக்கு வியூஸ் ஏறின மாதிரியும் உள்ள வர்றவங்க சதவீதம் குறைஞ்ச மாதிரியும் தெரியும். ரெண்டுமே அளவுகோல் மாறினதால வர்ற தோற்றம், பாக்கறவங்க மாறல. பழசு புதுசு ஒப்பிடணும்னா Engaged views-ஐயே ரெண்டு பக்கமும் எடுங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற மூணாவது தப்பு, வந்தாங்களான்னு மட்டும் பாத்துட்டு எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு பாக்காம விடறது. அதே ட்ராஃபிக் சோர்ஸ் டேபிள்ல ஒவ்வொரு வழிக்கும் சராசரியா எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு பக்கத்துலயே இருக்கும். வீடியோ 24 நிமிஷம். லிங்க் வழியா வந்த 310 பேரும் சராசரி 2 நிமிஷம் 10 செகண்ட். சர்ச்ல தேடி வந்தவங்க 7 நிமிஷத்துக்கு மேல.

ஏன் இப்படின்னு கிளிப்ப போட்டுப் பாத்தோம். 40 செகண்ட்ல ஸ்பார்க் ப்ளக்க கழட்டி காட்டி, கரி புடிச்சு கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி போகுது, அதான் மைலேஜ் கம்மின்னு சொல்லி முடிச்சுட்டார். நல்ல கிளிப், அதான் லட்சம் போயிருக்கு, ஆனா கேள்வி பதில் ரெண்டும் அதுலயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு 24 நிமிஷம் பாக்கணும். ஆர்வத்துல தொட்டவங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு கெளம்பிட்டாங்க.

அதே வீடியோவுக்கு மூணு வாரம் கழிச்சு இன்னொரு கிளிப் போட்டிருந்தார், 8,000 தான் போச்சுன்னு அத கணக்குலயே சேக்கல. அதுல, சூடானதும் ஐட்லிங்ல நின்னு போற வண்டி, கார்புரேட்டர திறந்து அடைஞ்சு கெடக்கற பைலட் ஜெட்ட வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு காட்டறார், ஓட்டைல வெளிச்சமே தெரியல, அங்கயே முடியுது. அந்த வண்டி வெச்சிருக்கறவனுக்கு அடுத்தது என்னன்னு தெரிஞ்சாகணும். Engaged views 5,500, லிங்க் வழியா வந்தது 110, அதாவது நூத்துக்கு 2. சராசரி பாத்த நேரம் 8 நிமிஷம்.

இப்ப பெருக்கிப் பாருங்க. லட்சம் போன கிளிப்: 310 தடவ 2 நிமிஷம் 10 செகண்ட், மொத்தம் சுமார் 11 மணி நேரம். 8,000 போன கிளிப்: 110 தடவ 8 நிமிஷம், கிட்டத்தட்ட 15 மணி நேரம். முழு வீடியோவுக்கு அதிகம் குடுத்தது எது? தம்பி ரொம்ப நேரம் பேசவே இல்ல, திரும்பத் திரும்ப அந்த ரெண்டாவது கிளிப்ப ஓட்டிப் பாத்துட்டே இருந்தார்.

இந்த ரெண்டயும் இவ்வளவு சுத்தமா பிரிக்க முடிஞ்சதுக்கு காரணம் நடுவுல மூணு வாரம் இடைவெளி இருந்தது, மொதல் கிளிப் அடங்கினதுக்கப்புறம் அடுத்தது வந்தது, அதனால தேதி வெச்சே பிரிச்சுட்டோம். ஒரே நாள்ல நாலு கிளிப் போட்டு நாலுக்கும் ஒரே வீடியோவ லிங்க் பண்ணிட்டு எது வேலை செஞ்சதுன்னு கேட்டா பிரிக்கறது கஷ்டம். ஒரு வீடியோவுக்கு ஒரு நேரத்துல ஒரு கிளிப்னு போட்டா கணக்கு தெளிவா வரும்.

இப்ப எதிர்ப்பக்கமும் நியாயமா பாக்கணும். லிங்க்க தொட்டவங்க மட்டும்தான் கிளிப்பால வந்தவங்களா? இல்லவே இல்ல. கிளிப்ப பாத்துட்டு சேனல் பேர தட்டி உள்ள போறவங்க சேனல் பேஜ் கணக்குல விழுவாங்க, ராத்திரி ஞாபகம் வந்து தேடறவங்க சர்ச் கணக்குல, அடுத்த நாள் ஹோம் பேஜ்ல கண்ல பட்டு தொடறவங்க ஹோம் கணக்குல. லிங்க் நம்பர்ங்கறது குறைஞ்சபட்சம் இவ்வளவு, அவ்வளவுதான். மீதியில எவ்வளவு கிளிப்போட புண்ணியம்னு கண்டுபிடிக்க ஒரே வழி, கிளிப் போடாம இருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாக்கறது.

இதுல நம்மள நாமே ஏமாத்திக்கற இடம் ஒண்ணு இருக்கு. கிளிப் வெட்டறதுக்கு எந்த வீடியோவ எடுக்கறோம்? நல்லா போயிட்டு இருக்கறத. அப்புறம் "கிளிப் போட்ட வீடியோ எல்லாம் நல்லா போகுது, போடாதது படுத்துக்குது"ன்னா அது கிளிப்னால இல்ல, நாம பொறுக்கின விதத்துனால. சேனல் அனலிடிக்ஸ்ல ஷார்ட்ஸ் பாக்கறவங்களும் வீடியோ பாக்கறவங்களும் எவ்வளவு பேர் பொதுன்னு ரெண்டு வட்டம் போட்டு காட்டுமே, அதுலயும் இதே சிக்கல், பழைய சப்ஸ்க்ரைபர் ரெண்டயும் பாப்பாரு, அவர ஷார்ட்ஸ் கூட்டிட்டு வரல.

அதனால தம்பிகிட்ட நான் சொன்னது: அடுத்த எட்டு வீடியோவுக்கு, வெளியிடறதுக்கு முன்னாடியே காசு சுண்டிப் போட்டு முடிவு பண்ணுங்க, நாலுக்கு கிளிப், நாலுக்கு கெடையாது, எது எப்படிப் போனாலும் நடுவுல மாத்தக்கூடாது. ஒரே கிழமை, ஒரே நேரம், எல்லாத்துக்கும் மொதல் 14 நாள் வியூஸ் மட்டும் எடுங்க. சும்மா ஒரு மாதிரிக்கு, கிளிப் இல்லாத நாலும் 2,100, 3,400, 1,800, 2,900 வந்துச்சுன்னு வெச்சுப்போம், சராசரி 2,550. கிளிப் போட்ட நாலும் 2,600, 3,100, 2,000, 3,300, சராசரி 2,750. ஆஹா 200 கூடுதல்னு குதிக்கத் தோணும். ஆனா கிளிப்பே இல்லாம 1,800-லேருந்து 3,400 வரைக்கும் தானா ஆடற எடத்துல 200 ஒரு வித்தியாசமே இல்ல, தலைப்பு ஒண்ணு நல்லா அமைஞ்சாலே அதுக்கு மேல ஏறும். இப்படி வந்தா கிளிப் ஒதவலன்னும் சொல்ல முடியாது, ஒதவுச்சுன்னும் சொல்ல முடியாது, இன்னும் எட்டு வீடியோ பாக்கணும். கிளிப் போட்ட நாலுமே 4,000 தாண்டினா மட்டும்தான் இவ்வளவு சின்ன சோதனையில நம்பலாம்.

இன்ஸ்டா ரீல்ஸ் வழியா யூட்யூப்புக்கு ஆள் அனுப்பறவங்களுக்கு ஒரு விஷயம். எங்கேருந்து வந்தாங்கன்னு தெரிஞ்சுக்க யூட்யூப் லிங்க் பின்னாடி utm_source-ங்கற அடையாளத்த ஒட்டி அனுப்பறதுல பயன் இல்ல, ஸ்டூடியோ அத காட்டவே காட்டாது, External-ல எந்த சைட்டுன்னுதான் தெரியும், கொஞ்சம் Direct or unknown-லயும் போய் கலந்துடும். நடுவுல ஷார்ட் லிங்க் ஒண்ணு வெச்சு க்ளிக் எண்ணலாம், ஆனா அந்த லிங்க்க வாட்ஸ்அப் மாதிரி எடத்துல ஷேர் பண்ணும்போது முன்னோட்டம் எடுக்க தானா வர்ற ப்ரோக்ராமும் சில கவுண்டர்ல ஒரு க்ளிக்காயிடும். அதனால க்ளிக் 200, வியூஸ் 120-னு வந்தா 120-ஐ எடுங்க.

தம்பி இப்ப ஒரு ஷீட் வெச்சிருக்கார், கிளிப் பேர், தேதி, Engaged views, லிங்க் வழியா வந்தது, சராசரி நேரம், மொத்த மணி. வெறும் வியூஸுக்கு அதுல கட்டமே இல்ல. காசு சுண்டினதுல மொத ரெண்டு வீடியோவும் கிளிப் இல்லாம விழுந்துச்சு, மனசு கேக்காம எனக்கு ஃபோன் பண்ணார், போடாதீங்கன்னுட்டேன்.